ஒற்றை டிரான்சிஸ்டர் ரிப்பிள் ஃபில்டர்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

சின்ன ப்ரீஆம்ப், மைக் மிக்சர், சுருதிப் பெட்டி என்று என் மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "உறுமுது." திறந்து பார்த்தால் பல பெட்டிகளில் ஒரே சர்க்யூட்தான் இருக்கும். பிரிட்ஜுக்கும் பெரிய கெபாசிட்டருக்கும் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர், அதன் பேஸில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும். இதைத்தான் கெபாசிட்டர் மல்டிப்ளையர் என்கிறோம். நன்றாக வேலை செய்யும்போது உறுமலைத் துடைத்து எடுத்துவிடும். கெட்டுப்போனால் பெரும்பாலானவர்கள் கெபாசிட்டரை மாற்றுவார்கள், சரியாகாவிட்டால் இன்னும் பெரியதாகப் போடுவார்கள். நான் திரும்பத் திரும்பச் சரிசெய்வது அந்தப் பெரிய கெபாசிட்டர்கள் போட்ட பெட்டிகளைத்தான்.

பேச்சுக்கு ஒரே ஒரு சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 500 மில்லிஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். நான்கு டயோடு பிரிட்ஜ். சுமை 100 மில்லிஆம்பியர்.

```
Q1  BD139
C1  1000uF/25V   C - GND
R1  1k           C - B
C2  470uF/25V    B - GND
OUT = E
```

முதல் கெபாசிட்டரைத் தேக்கக் கெபாசிட்டர் என்றும், இரண்டாவதைப் பேஸ் கெபாசிட்டர் என்றும் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் கிரவுண்டிலிருந்து மீட்டரில் தெரிவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: கலெக்டரில் 16 வோல்ட், பேஸில் 15, எமிட்டரில் 14.3. உங்கள் ஊர் மின்சாரம் ஏறி இறங்கினால் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும், அது பழுது அல்ல. மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் முக்கியம். எந்த அறிகுறியோடு வந்தாலும் இரும்பைச் சூடாக்கும் முன் இந்த மூன்று அளவையும் சுமை இணைந்த நிலையில் எடுத்து எழுதி வையுங்கள். சுமை இல்லாமல் எடுத்த அளவு எதையும் சொல்லாது.

## அறிகுறி 1: மிருதுவான உறுமல், தொடர்ந்து கேட்கிறது

### முதலில்: கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே இடம் இருக்கிறதா?

தேக்கக் கெபாசிட்டரின் மேல் மின்னழுத்தம் நிலையாக நிற்பதில்லை. நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. இறங்கும் பள்ளத்தில்கூட கலெக்டர், எமிட்டருக்கு மேலே இருந்தாக வேண்டும். பள்ளம் எமிட்டரைத் தொட்டுவிட்டால் அந்தக் கணத்துக்கு டிரான்சிஸ்டர் வெறும் கம்பியாகிவிடும். பள்ளம் அப்படியே வெளியே போகும். பேஸில் எவ்வளவு பெரிய கெபாசிட்டர் இருந்தாலும் அந்தக் கணத்தில் அதற்கு வேலையே இல்லை.

பார்ப்பது எளிது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, தேக்கக் கெபாசிட்டரின் இரு கால்களில் வையுங்கள். மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏசி நிலையிலும் டிசி உள்ளே புகுந்து 30 வோல்ட், 35 வோல்ட் என்று பொய் சொல்லும். அப்படித் தெரிந்தால் சிவப்பு முனையோடு தொடராக ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் பிளாஸ்டிக் கெபாசிட்டரைப் பிடித்து அளங்கள். பிறகு கணக்கு இது:

```
ரிப்பிள் (உச்சி முதல் பள்ளம் வரை) = ஏசி அளவு x 3.5
தேவையான இடைவெளி = ரிப்பிள் / 2 + 1 V
```

நல்ல நிலையில் ஏசி அளவு 0.23 வோல்ட் இருக்கும். ரிப்பிள் 0.8 வோல்ட், தேவையான இடைவெளி 1.4 வோல்ட். நம்மிடம் இருப்பது 16 கழித்தல் 14.3, அதாவது 1.7. போதும். மலிவான மீட்டர் 0.2 என்று மட்டும் காட்டினாலும் இந்தக் கணக்குக்கு அது போதும்.

போன மாதம் பக்கத்துத் தெரு மைக் செட் வாடகைக்காரர் ஒரு மிக்சர் கொண்டுவந்தார். "அண்ணே, கெபாசிட்டர் மாத்தியும் உறுமுது. 470 இருந்த இடத்துல 2200 போட்டிருக்கேன், துளிகூடக் குறையல" என்றார். பார்த்தேன். புது 2200 மைக்ரோ ஃபாரட் பேஸில் பளபளவென்று நின்றது. அதன் பக்கத்தில் பழைய தேக்கக் கெபாசிட்டர், தலை லேசாகப் புடைத்து, பிளாஸ்டிக் உறை சுருங்கி அலுமினியம் தெரிந்தது. அது டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி நின்றதால் வருடக்கணக்கில் சூடு தின்றிருக்கிறது. அளவுகள்: கலெக்டர் 14.3, எமிட்டர் 12.5, தேக்கத்தின் மேல் ஏசி 1.2 வோல்ட். 1.2ஐ 3.5ஆல் பெருக்கினால் ரிப்பிள் 4.2 வோல்ட். தேவையான இடைவெளி 3.1. அவரிடம் இருந்தது 1.8. கழற்றி அளந்தபோது 1000 என்று எழுதியிருந்த கெபாசிட்டர் 180 மைக்ரோ ஃபாரட்தான் காட்டியது.

புது 1000 மைக்ரோ ஃபாரட் போட்டதும் உறுமல் நின்றது. பேஸில் மறுபடி 470 வைத்தேன். "இவ்வளவு பெருசு வேண்டாமாண்ணே?" என்று கேட்டார். 2200 இருந்தால் ஆன் செய்து வெளியீடு முழுதாக எழும்ப பத்து நொடிக்கு மேல் ஆகும், உறுமலில் காதுக்குத் தெரியும் ஆதாயம் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

இடைவெளி குறைவாக இருந்தால் காரணங்களை விலை குறைந்ததிலிருந்து இப்படிப் பாருங்கள்.

தேக்கக் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் அதே அளவு நல்ல கெபாசிட்டர் ஒன்றை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளஸ் மைனஸ் பார்த்து, பழையதன் மேலேயே இணையாகத் தொட்டு சால்டர் வைத்து ஆன் செய்யுங்கள். ஏசி அளவு பாதிக்கும் கீழே விழுந்தால் பழையது போய்விட்டது. இரண்டும் நல்லதாக இருந்தால் சரியாகப் பாதியாகும், அவ்வளவுதான்.

கெபாசிட்டர் நன்றாக இருந்தும் ரிப்பிள் அதிகம் என்றால் சுமை அதிகம். யாராவது அதே லைனில் ப்ளூடூத் போர்டோ எல்இடி பட்டையோ சேர்த்திருப்பார்கள். இது இப்போது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 100 மில்லிஆம்பியர் 250 ஆனால் ரிப்பிளும் இரண்டரை மடங்கு ஆகும். சேர்த்ததைக் கழற்றிப் பாருங்கள். அது வேண்டும் என்றால் தேக்கக் கெபாசிட்டரிலிருந்தே அதற்குத் தனி லைன் எடுத்து, உறுமல் தாங்காத ப்ரீஆம்பை மட்டும் இந்த ஃபில்டருக்குப் பின்னால் விடுங்கள்.

ரிப்பிள் சரியாக இருக்கிறது, ஆனால் இடைவெளி மட்டும் சிறியது என்றால் டிரான்சிஸ்டரின் கெயின் அதிகம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நல்ல டிரான்சிஸ்டர் போட்டதால் உறுமல் வந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கெயின் கூடினால் பேஸ் கரண்ட் குறையும், 1 கிலோ ஓமின் மேல் விழும் மின்னழுத்தமும் குறையும், பேஸ் கலெக்டரை ஒட்டி மேலேறிவிடும். சுமை மிகவும் குறைந்தாலும் இதே கதைதான். இதற்குப் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். நம் சர்க்யூட்டில் பேஸ் 15லிருந்து ஏறத்தாழ 14 வோல்ட்டுக்கு இறங்கும், எமிட்டர் 13.4 ஆகும், இடைவெளி 2.6க்கு விரியும். வெளியீட்டில் ஒரு வோல்ட் போகிறது, பதிலுக்கு மின்சாரம் தாழ்ந்த நாளிலும் உறுமல் வராது. புதிதாகக் கட்டும் எதிலும் நான் இந்த ரெசிஸ்டரை முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

### இடைவெளி போதுமானது, ஆனாலும் உறுமல்

இப்போதுதான் பேஸ் கெபாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அது காய்ந்திருக்கலாம், அல்லது ஒரு கால் போர்டில் ஒட்டாமல் இருக்கலாம். பெரிய கெபாசிட்டர்கள் உயரமாக நிற்பதால் பெட்டி ஆடும்போதெல்லாம் அடியில் ஈயம் வளையம் போல வெடித்துவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், காலைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழையதன் மேலேயே பூசினால் மறுபடி வெடிக்கும்.

பேஸ் கெபாசிட்டரின் மேல் ஏசி எவ்வளவு என்று மீட்டரால் பார்க்க முடியாது. சரியாக இருந்தால் அங்கே இருப்பது மூன்று மில்லிவோல்ட் அளவுதான், மலிவான மீட்டரின் கண்ணுக்கு அது தெரியாது. காதுதான் கருவி. ஏதாவது ஒரு ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் உள்ளீட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக ஒரு முனையை எடுத்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத் தொட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள். கலெக்டரில் பலமாக உறும வேண்டும், பேஸில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கக் கூடாது, எமிட்டரிலும் அப்படியே. பேஸில் உறுமினால் பேஸ் கெபாசிட்டர். பேஸ் அமைதி, எமிட்டரில் உறுமல் என்றால் டிரான்சிஸ்டர் அல்லது கிரவுண்ட்.

### உறுமல் வழக்கத்தைவிட ஒரு ஸ்தாயி கீழே கேட்கிறதா?

100 ஹெர்ட்ஸ் போய் 50 ஹெர்ட்ஸ் கேட்டால் பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துவிட்டது. தேக்கம் நிரம்ப இரண்டு மடங்கு நேரம் காத்திருப்பதால் ரிப்பிள் இரட்டிப்பாகும், மெதுவான ரிப்பிளைப் பேஸ் ஃபில்டரும் பாதிதான் அடக்கும். ஆக வெளியே உறுமல் நான்கு மடங்கு. அதிர்வெண் காட்டும் மீட்டர் இருந்தால் தேக்கத்தின் மேல் வைத்தாலே தெரிந்துவிடும்.

டயோடுகளைச் சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயர்கள் இரண்டும் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும்போது, திறந்துபோன டயோடுக்குப் பதிலாக பக்கத்து டயோடு செகண்டரிச் சுற்றின் வழியாக வந்து "நல்லது" என்று மீட்டரில் காட்டும். நான்கும் 0.6 காட்டும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். பிளக்கைக் கழற்றி, செகண்டரி ஒயர் ஒன்றைப் பிரித்துவிட்டுப் பிறகு டயோடு டெஸ்ட் செய்யுங்கள்.

## அறிகுறி 2: மிருதுவாக இல்லை, "ர்ர்ர்" என்று கூர்மையாக இரைகிறது

இந்த வித்தியாசத்தைக் காதில் பிடிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை மிச்சம். மிருதுவான உறுமல் ரிப்பிளிலிருந்து வருகிறது. வண்டு சிக்கியது போன்ற கூர்மையான இரைச்சல் பெரும்பாலும் கிரவுண்டிலிருந்து வருகிறது. கெபாசிட்டர் எதை மாற்றினாலும் போகாது.

பிரிட்ஜ் தேக்கக் கெபாசிட்டரைத் தொடர்ந்து நிரப்புவதில்லை. ஒவ்வொரு உச்சியிலும் ஒரு சிறு கணம் மட்டும், சுமையைப் போலப் பல மடங்கு கரண்ட்டைப் பாய்ச்சுகிறது. அது பிரிட்ஜின் மைனஸுக்கும் தேக்கத்தின் மைனஸுக்கும் நடுவிலுள்ள ஒயரிலோ பட்டையிலோ ஓடுகிறது. அந்த இரண்டு அங்குலத் தாமிரத்தின் மேலும் சில மில்லிவோல்ட் கூர்முனைகள் எழும்பும். பேஸ் கெபாசிட்டரின் மைனஸ் கால் அந்தப் பாதையின் நடுவில் ஒட்டப்பட்டிருந்தால், அந்தக் கூர்முனைகள் நேராகப் பேஸுக்கு ஏறும். டிரான்சிஸ்டர் பேஸில் உள்ளதை அப்படியே வெளியே தரும். ஃபில்டரே இரைச்சலை உண்டாக்கும் நிலை இது.

சோதனை: பேஸ் கெபாசிட்டரின் மைனஸ் காலைப் போர்டிலிருந்து எடுத்து, ஒரு ஒயர் வைத்து, வெளியீட்டுக் கிரவுண்ட் எங்கே ப்ரீஆம்புக்குப் புறப்படுகிறதோ அந்தப் புள்ளியிலேயே ஒட்டுங்கள். அந்தக் கிரவுண்ட் ஒயர் தேக்கத்தின் மைனஸ் காலிலிருந்து தனியாகக் கிளம்ப வேண்டும், பிரிட்ஜிலிருந்து அல்ல. ஒரு சுருதிப் பெட்டியில் இந்தக் காலை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தியதில் இரைச்சல் முழுதாகப் போனது. அதற்கு முன் அந்தப் பெட்டியில் மூன்று கெபாசிட்டர்களும் ஒரு டிரான்சிஸ்டரும் மாறியிருந்தன.

நகர்த்தியும் போகவில்லை என்றால் இரைச்சல் இந்த ஃபில்டரில் இல்லை. ப்ரீஆம்பின் உள்ளீட்டு ஷீல்டு ஒயரையும், டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரைத் திருகு தளர்த்திக் கையால் சற்றுத் திருப்பும்போது சத்தம் மாறினால் அது காந்தப்புலம் வழியாக வருகிறது. (பிரைமரி முனைகள் மூடியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.)

## அறிகுறி 3: உறுமல் இல்லை, ஆனால் வெளியீடு மிகக் குறைவு

பேஸ் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் என்று அளங்கள். 1 கிலோ ஓம் என்பதால் எத்தனை வோல்ட்டோ அத்தனை மில்லிஆம்பியர் அதில் ஓடுகிறது. நல்ல நிலையில் ஒரு வோல்ட். 15 கிலோ ஓம் போட்டிருந்தால் இரண்டு. அங்கே நான்கோ ஐந்தோ விழுந்தால் கரண்ட் எங்கேயோ போகிறது, எங்கே என்பதுதான் கேள்வி.

மின்சாரத்தை நிறுத்தி, கெபாசிட்டர்கள் காலியானதும் டிரான்சிஸ்டரின் பேஸ் காலை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். 15 கிலோ ஓம் இல்லாத சர்க்யூட்டில் இப்போது ரெசிஸ்டரின் மேல் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது. சில நொடி காத்திருந்த பிறகும் ஒரு வோல்ட்டோ இரண்டோ நிற்கிறது என்றால் பேஸ் கெபாசிட்டர் கசிகிறது. வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த பழைய சரக்கைப் போட்டால் இது அடிக்கடி வரும். மாற்றுங்கள்.

கெபாசிட்டர் கசியவில்லை என்றால், அந்தக் கரண்ட் டிரான்சிஸ்டரின் பேஸுக்குத்தான் போயிருக்கிறது. சுமை கரண்ட்டை அளந்து பேஸ் கரண்ட்டால் வகுங்கள், அதுதான் கெயின். 100 மில்லிஆம்பியர் சுமைக்கு 4 மில்லிஆம்பியர் பேஸ் கரண்ட் என்றால் கெயின் 25. பிடி139க்கு அது மிகக் குறைவு. இந்த எண்ணின் பின்னால் 6, 10, 16 என்று ஒரு குறி இருக்கும். 10 என்றால் கெயின் 63 முதல் 160 வரை, 16 என்றால் 100 முதல் 250 வரை. 16 குறியுள்ளதை வாங்குங்கள், இதே விலைதான்.

கெயின் பத்துக்கும் கீழே வந்தால் டிரான்சிஸ்டர் கெடவில்லை, கால் மாறியிருக்கிறது. பிடி139இல் எழுத்து உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். டிஐபி31இல் பேஸ், கலெக்டர், எமிட்டர். ஒன்றுக்கு மற்றொன்றை அப்படியே செருகினால் வெளியீடு எழும்பவே எழும்பாது. சின்ன டிரான்சிஸ்டர்களில் பிசி547க்கும் பிளாஸ்டிக் 2என்2222க்கும் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். அதைத் தெரியாமல் மாற்றினால் கொஞ்சம் வேலை செய்வதுபோலவே நடிக்கும், சுமை கொடுத்ததும் தொய்ந்துவிடும். இந்த நடிப்பில் ஏமாந்து ஒரு நாள் முழுக்கப் போவதுண்டு.

கெயினும் சரி, சுமையும் சரி, ஆனால் கலெக்டரிலேயே வோல்ட் குறைவு என்றால் பிரச்சினை முன்னால் இருக்கிறது. அறிகுறி 1இல் சொன்ன தேக்கத்துக்கும் பிரிட்ஜுக்கும் போங்கள்.

மின்சாரம் ஏறி இறங்கும்போது வெளியீடும் ஏறி இறங்குகிறது என்று சிலர் கொண்டுவருவார்கள். இந்தச் சர்க்யூட் ரிப்பிளை மட்டும்தான் துடைக்கும், வோல்ட்டை நிறுத்தி வைக்காது. சுமைக்கு நிலையான 12 வோல்ட் கண்டிப்பாக வேண்டும் என்றால் ரெகுலேட்டர் ஐசி போடுங்கள்.

## அறிகுறி 4: ஆன் செய்ததும் வருவதில்லை, மெதுவாக எழும்புகிறது

1 கிலோ ஓமும் 470 மைக்ரோ ஃபாரடும் இருந்தால் இரண்டு, இரண்டரை நொடி ஆகும். இது இயல்பு. ஸ்பீக்கரில் "டப்" சத்தம் வராமல் இருப்பதற்கும் இதுதான் காரணம், விட்டுவிடுங்கள். முன்பு இரண்டு நொடியில் வந்தது இப்போது பத்து நொடி ஆகிறது, வந்த பிறகும் முழு வோல்ட் தொடுவதில்லை என்றால் பேஸ் கெபாசிட்டரின் கசிவு. மேலே சொன்ன பேஸ் கால் சோதனைதான்.

## அறிகுறி 5: டிரான்சிஸ்டர் கொதிக்கிறது, அல்லது மாற்ற மாற்றச் சாகிறது

நம் கணக்கில் டிரான்சிஸ்டர் தின்பது 1.7 வோல்ட்டும் 100 மில்லிஆம்பியரும், அதாவது 0.17 வாட். பிடி139 ஹீட் சிங்க் இல்லாமல் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 டிகிரி சூடேறும். 0.17 வாட்டுக்கு 17 டிகிரி. விரல் வைத்தால் வெதுவெதுப்பு. கை வைக்க முடியவில்லை என்றால் இடைவெளியையும் சுமையையும் பெருக்கிப் பாருங்கள். பெருக்கியது அரை வாட்டைத் தாண்டினால் சின்ன அலுமினியத் தகடு வேண்டும். முதுகிலுள்ள உலோகம் கலெக்டரோடு சேர்ந்தது, ஆகவே தகடு பெட்டியில் படுவதாக இருந்தால் மைக்கா வைக்காமல் திருகாதீர்கள்.

பெருக்கியது சிறியதாக இருந்தும் கொதித்தால், அது கேட்காத அதிர்வெண்ணில் ஊசலாடுகிறது. நீள ஒயர்களில் தொங்கும் டிரான்சிஸ்டர்களில் இது வரும். விரலை அருகே கொண்டுபோனால் வெளியீட்டு வோல்ட் நகரும், அதுதான் அடையாளம். பேஸ் காலுக்கு மிக அருகில், கெபாசிட்டருக்கும் காலுக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் ஒன்றும் போட்டால் அடங்கிவிடும்.

அந்த 100 ஓம் இன்னொரு பெரிய காரியமும் செய்கிறது. வெளியீடு ஒரு கணம் ஷார்ட் ஆனால், பேஸ் கெபாசிட்டரில் தேங்கிய 15 வோல்ட்டும் பேஸ் எமிட்டர் வழியாக ஒரே அடியாகக் கொட்டும். தடுக்க நடுவில் எதுவுமே இல்லை. ப்ரீஆம்ப் போர்டில் முனை வழுக்கிய அந்த ஒரு நொடியில் டிரான்சிஸ்டர் சாவது இதனால்தான். 100 ஓம் இருந்தால் அது 150 மில்லிஆம்பியருக்குள் அடங்கும். அதன் விலை வெளியீட்டில் 0.1 வோல்ட். ஷார்ட் நீடித்தால் 1 கிலோ ஓம் வழியாக மட்டுமே 15 மில்லிஆம்பியர் பேஸுக்கு வரும், கெயினால் பெருகி டிரான்ஸ்ஃபார்மர் தரக்கூடிய அத்தனையும் டிரான்சிஸ்டர் வழியே போகும். ஆகவே தேக்கத்துக்கும் கலெக்டருக்கும் நடுவே 250 மில்லிஆம்பியர் வேகமான ஃபியூஸ் வையுங்கள். பேஸ் ரெசிஸ்டரும் ஃபியூஸுக்குப் பின்னால்தான் இணைய வேண்டும். வெளியீடு மெதுவாக எழும்புவதால் ஆன் செய்யும்போது இந்த ஃபியூஸ் வீணாகப் போகாது.

ஷார்ட் எதுவும் ஆகாமலே சில மாதங்களில் டிரான்சிஸ்டர் வலுவிழந்து, கெயின் குறைந்து, லேசாக "ஸ்ஸ்" என்று சீறவும் ஆரம்பித்தால், வெளியீட்டுப் பக்கம் பெரிய கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் செய்ததும் தேக்கப் பக்கம் சீக்கிரம் காலியாகிறது, அதோடு பேஸும் இறங்குகிறது, ஆனால் எமிட்டரில் 1000 மைக்ரோ ஃபாரட் 14 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேஸ் எமிட்டர் சந்தி தலைகீழாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு ஆஃபுக்கும் ஒரு சிறு காயம். 1என்4007 டயோடு ஒன்றை எமிட்டருக்கும் கலெக்டருக்கும் நடுவே, கோடு போட்ட முனை கலெக்டரில் படும்படி போடுங்கள். வெளியீட்டுக் கெபாசிட்டர் அந்த வழியாகக் காலியாகிவிடும்.

## எங்கே நிறுத்த வேண்டும்

மேலே சொன்ன எல்லாமே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், 20 வோல்ட்டுக்குள் நடப்பவை. சுமையை முழுதாகக் கழற்றியும், செகண்டரி ஒயர்களையே பிரித்துவிட்டும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது, வார்னிஷ் கருகும் வாசனை வருகிறது, மெயின் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் உள்ளே சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது. அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டாம், அதே அளவு புதியது மாற்றுவதே வழி. பிரைமரி ஒயரிங்கில் கை பழக்கமில்லாதவர்கள் அதை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். அது உறுமல் பிரச்சினையே அல்ல. அந்தப் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பெட்டியை இன்சுலேஷன் மெக்கர் வைத்திருக்கும் கடையில் சோதிக்கச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஸ்விட்சிங் சப்ளை இருக்கும் பெட்டி என்றால் அதன் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டரில் 230 வோல்ட் மெயினிலிருந்து வந்த 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் தங்கியிருக்கும். அதன் வெளியீட்டு ஒயர் இரண்டும் உங்கள் எல்லை. அங்கே மீட்டரை வைத்து 12 வோல்ட் நிலையாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த சப்ளையை முழுதாக மாற்றிவிட்டு ஃபில்டருக்குத் திரும்புங்கள்.